மாட்டுக்கு நடை சொல்லிக்குடுத்த கதை: 32 ஃபிரேம், நாலு கால், ஒரு தலை

நேத்து ராத்திரி ஒருவழியா மாடு நடந்துருச்சு. பிளெண்டர்ங்கற அனிமேஷன் சாஃப்ட்வேர்ல தாங்க. பதினோரு நாள், அதுல ஒம்போது சாயங்காலம் இந்த ஒரே நடைக்குப் போச்சு. குழந்தைங்களுக்கான கதை வீடியோ ஒண்ணு, அதுல ஒரு காங்கேயம் பசு வரப்பு மேல பன்னெண்டு செகண்ட் நடந்து போகணும், அவ்ளோதான் வேலை. மனுஷன் நடக்கிறத நான் நிறைய பண்ணியிருக்கேன், ரெண்டு கால் வர்றப்ப நாலு கால் என்ன பெரிய விஷயம், அதையே காப்பி பண்ணி முன்னாடி ஒரு செட் பின்னாடி ஒரு செட் வெச்சா முடிஞ்சுதுன்னு நெனச்சு ரெண்டு நாள்ல தரேன்னு சொல்லிட்டேன். எங்கெங்க வழி தப்பினேன்னு மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சுக்கறேன்.

மாட்ட ஆட்டி வைக்கற எலும்புக்கூடு, அதாவது ரிக், நானே போட்டது. ஒவ்வொரு காலுக்கும் குளம்புல ஒரு ஐகே கண்ட்ரோல், அத நகத்துனா முழுக் காலும் தானா மடங்கும், இடுப்புக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு, கழுத்து மூணு எலும்பு, தலை ஒண்ணு. முதல் தப்பு இங்கயே ஆரம்பிச்சுது. மாட்டோட பின்னங்கால்ல நடுவுல பின்பக்கமா மடங்குற மூட்டு இருக்கே, அத முட்டின்னு நெனச்சுதான் எலும்பு போட்டேன். அது முட்டி இல்ல, நம்ம குதிகால். உண்மையான முட்டி மேல வயித்தோரமா தோலுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. அதே மாதிரி முன்னங்கால்ல முட்டின்னு நாம சொல்றது நம்ம மணிக்கட்டு. இது தெரிஞ்சதுக்கப்பறம்தான் கால் தூக்கும்போது எது எந்தப் பக்கம் மடங்கணும்னே புரிஞ்சுது. முன்னங்கால் தூக்குனா அந்த மணிக்கட்டு முன்னாடி வந்து குளம்பு பின்னாடி மடங்கும், பின்னங்கால் தூக்குனா குதிகால் பின்னாடி மேல ஏறி குளம்பு தொங்கிட்டு வரும். ரிக்க ஒரு தடவ அழிச்சுத் திரும்பப் போட்டேன், அதுல ஒரு சாயங்காலம் காலி.

வீடியோ எங்க அம்மாயி வீட்டு மயிலைப் பசுவ போன்லயே எடுத்தது, செகண்டுக்கு 60 ஃபிரேம். பக்கவாட்டுல நின்னு, மாடு தெருவோரமா நடந்து போறத எடுத்தேன். எடுத்துட்டு ஊருக்கு வந்து எண்ணிப் பாத்தா ஒரு கால் ஊனி, திரும்ப அதே கால் ஊன ஏறக்குறைய 80 ஃபிரேம் ஆகுது. நான் வேலை செய்யறது 24 ஃபிரேம்ல, அப்போ 80 பெருக்கல் 24 வகுத்தல் 60, சரியா 32. எட்டால நாலால வகுபடற நம்பர் கையில கெடச்சதுல ஒரே சந்தோஷம். பன்னெண்டு செகண்டுக்கு 288 ஃபிரேம், ஒம்போது சுத்து. இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

சொதப்புனது காலோட வரிசைல. பக்கவாட்டு வீடியோல அந்தப் பக்கத்துக் காலும் இந்தப் பக்கத்துக் காலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மறையுது, எது எதுன்னே தெரியல. சரி, மனுஷன் நடக்கறப்ப எடது கை வலது கால் சேந்து முன்னாடி வரும்ல, மாட்டுக்கும் அப்படித்தான் இருக்கும்னு ஒரு முடிவு பண்ணி, எடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒரே ஃபிரேம்ல, மத்த ரெண்டும் பதினாறு ஃபிரேம் தள்ளின்னு வெச்சேன். ஓட விட்டா சாவி குடுத்த பொம்மை. டக் டக், டக் டக்னு ரெண்டே சத்தம். மாடு எங்கயோ ஓடற அவசரத்துல இருக்கு, ஆனா யாரோ கயித்தப் புடிச்சு மெதுவா இழுக்கற மாதிரி இருந்துச்சு. அப்படிக் குறுக்கு ஜோடியா கால் வைக்கறது நடை இல்ல, பெருநடைக்கு மேல, ஓட்டத்துக்குக் கீழ வர்ற துள்ளுநடை. குதிரையில டிராட்னு சொல்றது. அத நடை வேகத்துல ஓட்டினா இப்படித்தான்.

இந்தத் தப்ப நான் மட்டும் பண்ணலன்னு அப்பறம் தெரிஞ்சுது. மைபிரிட்ஜ்னு ஒரு போட்டோகிராபர் 1887ல 781 படத்தாளா மிருகங்க, மனுஷங்க அசைவப் போட்டோ எடுத்து வெளியிட்டாரு, அதுல நடையோட கால் வரிசையெல்லாம் பளிச்சுனு இருக்கு. 2012ல ஹங்கேரி ஆளுங்க ஒரு ஆய்வு பண்ணி, மைபிரிட்ஜுக்கு முன்னாடி வரைஞ்ச நாலுகால் நடைப் படங்கள்ல 83.5 சதவீதம் தப்பு, ஆனா குகைல வரைஞ்ச ஆதிமனுஷன் 46.2 சதவீதம்தான் தப்புப் பண்ணியிருக்கான்னு சொன்னாங்க. தெனமும் மிருகத்தப் பாத்துட்டே இருந்தவன் அவன். நான் போன்ல பாத்தவன்.

சனிக்கெழம திரும்ப ஊருக்கே போயிட்டேன். பஸ்சுக்குப் போக வர 140 ரூபா. இந்தத் தடவ கேமராவுக்கு அந்தப் பக்கம் வர்ற ரெண்டு கால்லயும் செவப்புத் துணி கட்டி விட்டேன், பத்து ரூபா கூட செலவில்ல, அம்மாயியோட பழைய சீலை. (மாடு மொதல்ல ஒரு நிமிஷம் காலை ஒதறிட்டே நின்னுச்சு, அப்பறம் மறந்துருச்சு.) இப்போ எண்ணறது சுலபம். எடது பின்னங்கால் ஊனுது. 18லேர்ந்து 21 போன் ஃபிரேம் கழிச்சு அதே எடது பக்கத்து முன்னங்கால் ஊனுது. அடுத்து வலது பின்னங்கால், அடுத்து வலது முன்னங்கால். எப்பவும் பின்னங்கால்தான் ஆரம்பிக்குது, அதே பக்கத்து முன்னங்கால் தொடருது. எடப்பின், எடமுன், வலப்பின், வலமுன். இத நான் ஒரு நாள் பூரா முணுமுணுத்துட்டே திரிஞ்சேன். நாலு அடி, நாலும் சம இடைவெளி, ஒவ்வொண்ணும் கால் சுத்து. 32ல கால் பங்குன்னா எட்டு ஃபிரேம். அப்போ 1ல எடப்பின், 9ல எடமுன், 17ல வலப்பின், 25ல வலமுன், 33ல திரும்ப எடப்பின்.

எத்தன நேரம் கால் தரைல இருக்குன்னும் எண்ணுனேன். 80க்கு 50 சொச்சம். என் கணக்குல 20 ஃபிரேம் தரைல, 12 காத்துல. இந்த ரெண்டு நம்பர வெச்சுக் கணக்குப் போட்டா ஒரு நேரத்துல மூணு கால் தரைல, அடுத்த நாலு ஃபிரேம் ரெண்டு கால், திரும்ப மூணுன்னு மாறி மாறி வரும். நாலும் தரைல இருக்கற நேரமே இல்ல, ஒத்தக் கால்ல நிக்கற நேரமும் இல்ல.

வீட்டுக்கு வந்து ஒரு காலுக்கு மட்டும் எந்த ஃபிரேம்ல எங்க இருக்கணும்னு சரியா கீ போட்டு, மத்ததுக்குக் காப்பி பண்ணி, கீயெல்லாம் வரிசையா தெரியற டோப் ஷீட்ல நகத்துனேன். நகத்தும்போது முன்னங்கால எட்டு கூட்டறதுக்குப் பதிலா எட்டு கழிச்சுட்டேன். நாலு அடி, சம இடைவெளி, எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. அதனாலயே ஒரு நாள் பூரா கண்டுபுடிக்கல. ஆனா ஏதோ பதுங்கிப் போற மாதிரி, மரக்கிளைல போற மாதிரி இருக்கு. உண்மையிலயே குரங்குங்கதான் பெரும்பாலும் அப்படி நடக்குமாம், எடப்பின் ஊனின உடனே வலமுன். நான் மாட்டுத் தோல் போத்துன குரங்கப் பண்ணி வெச்சிருந்தேன்.

இதக் கண்டுபுடிச்சது எப்படின்னா, ஊர்ல எடுத்த ஒரு போட்டோனால. அந்த சனிக்கெழம காலைல தூறல் போட்டுத் தெரு மண்ணு ஈரமா இருந்துச்சு. மாடு போன தடத்தப் பாத்தா ரெண்டு கால் மிருகம் போன மாதிரி இருக்கு. குனிஞ்சு பாத்தாதான் தெரியுது, ஒவ்வொரு தடமும் ரெண்டு குளம்பு. முன்னங்கால் வெச்ச எடத்துலயே, ஒரு ரெண்டு மூணு வெரல்கட தள்ளி, அதே பக்கத்துப் பின்னங்கால் வந்து அமுங்கியிருக்கு. டேப் வெச்சு அளந்தேன். ஒரே பக்கத்துத் தடத்துலேர்ந்து அடுத்த தடம் 148, 152, 150 சென்டிமீட்டர். ஒண்ணரை மீட்டர்னு வெச்சுக்கிட்டேன். டேப் 120 ரூபா, இந்த வேலைல உருப்படியா செஞ்ச ஒரே செலவு.

அந்தத் தடத்த அப்படியே பிளெண்டர்ல கொண்டு வந்தேன். மாட்ட 32 ஃபிரேமுக்கு 1.5 மீட்டர் முன்னாடி நகத்தற மாதிரி மொத்த ரிக்கையும் நகத்தற ரூட் எலும்புல ஒரே வேகமா கீ வெச்சு, ஒவ்வொரு குளம்பும் ஊனற ஃபிரேம்ல நிறுத்தி, `Shift+S` போட்டு `Cursor to Selected`, அந்த எடத்துல அடையாளத்துக்கு ஒரு எம்ப்டி. முன்னங்காலுக்கு ஒரு வடிவம், பின்னங்காலுக்கு வேற வடிவம். மேலேர்ந்து பாத்தா அம்பலம். குரங்கு நடைல பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்துலேர்ந்து 78 சென்டிமீட்டர் தாண்டிப் போய் நடு ரோட்டுல விழுந்து கெடக்கு. மொதல்ல பண்ணுன குறுக்கு ஜோடி நடைய எடுத்துப் போட்டுப் பாத்தா 35 சென்டிமீட்டர் பத்தாம நிக்குது, ஏன்னா முன்னங்கால் இன்னும் எடத்தக் காலி பண்ணல. சரியான வரிசைக்கு மாத்துனதும் வித்தியாசம் 3 சென்டிமீட்டர். என் மாட்டுக்குத் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவுல 1.1 மீட்டர் வெச்சிருக்கேன், அதனால இந்தக் கணக்கு. வேற மாட்டுக்கு வேற வரும், ஆனா தடத்து மேல தடம் ஒக்கார்றதுதான் சோதனை.

அந்த மேல் பார்வைல இன்னொண்ணும் புரிஞ்சுது. பின்னங்கால் 33ல ஊனணும்னா அந்த எடத்துல இருந்த முன்னங்கால் 29லயே எந்திரிச்சுருக்கணும். நாலு ஃபிரேம் இடைவெளி. பக்கவாட்டுல பாத்தா அந்த நேரத்துல ஒரு பக்கத்து ரெண்டு காலும் வயித்துக்குக் கீழ வந்து கிட்டத்தட்ட முட்டிக்கிற மாதிரி ஒரு ‘வி’ தெரியும். மறுபக்கத்து ரெண்டு காலும் விரிஞ்சு நிக்கும். இப்ப எந்த நாலுகால் அனிமேஷனப் பாத்தாலும் மொதல்ல அந்த ‘வி’ வருதான்னுதான் என் கண்ணு தேடுது. வரலன்னா வரிசை தப்பு.

அடுத்து சறுக்கல். வரிசை சரியானதும் மாடு ஐஸ் மேல நடக்கற மாதிரி வழுக்குச்சு. காரணம் ரெண்டு. காலை முன்ன பின்ன எவ்வளவு நீட்டணும்னு கண்ணால பாத்து 35 முன்னாடி 35 பின்னாடின்னு வெச்சிருந்தேன். கணக்கு அப்படி இல்ல. 150 சென்டிமீட்டர 32 ஃபிரேமால வகுத்தா ஒரு ஃபிரேமுக்கு 4.69. தரைல 20 ஃபிரேம் இருக்குன்னா அந்த நேரத்துல குளம்பு உடம்புக்குக் கீழ 94 சென்டிமீட்டர் பின்னாடி போயே ஆகணும். 47 முன்னாடி, 47 பின்னாடி. ரெண்டாவது, பிளெண்டர் கீக்கு நடுவுல தானா ஒரு வளைவு போட்டுக் குடுக்குது, ஆரம்பத்துல மெதுவா நடுவுல வேகமா. உடம்பு ஒரே வேகத்துல போறப்போ தரைல இருக்கற கால் அப்படி மாறி மாறிப் போனா வழுக்கத்தான் செய்யும். கிராஃப் எடிட்டர்ல தரைல இருக்கற அந்த 20 ஃபிரேமுக்கு மட்டும் `T` அமுக்கி `Linear`. காத்துல இருக்கற 12க்கு வளைவாவே இருக்கட்டும். அப்பறம் சுத்து திரும்பத் திரும்ப ஓட `Shift+E`, `Make Cyclic`. வழுக்கல் நின்னுச்சு. குளம்பு தூக்கற ஒயரம் முன்னால 10, பின்னால 7 சென்டிமீட்டர். மாடு குதிரை மாதிரி காலை வீசித் தூக்காது, அதுக்கு ஏது அவசரம்.

இதுக்கப்பறம்தான் உண்மையான வேலை, உடம்பு ஏறி எறங்கறது. மனுஷ நடைல இடுப்பு ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கும்னு தெரியும். அதையே மாட்டுக்கு மொத்த உடம்புக்கும் சேத்து ஒரே கண்ட்ரோல்ல போட்டேன், 10 சென்டிமீட்டர். பாத்தா மாடு ராட்டினத்துல ஒக்காந்து போகுது. 4 சென்டிமீட்டராக் கொறச்சேன். துள்ளல் கொறஞ்சுது, ஆனா பின்னங்கால்ல சரியா 3வது ஃபிரேம்லயும் 19வது ஃபிரேம்லயும் ‘டக்’னு ஒரு ஒதறல். கால் விறைச்சு நேராயிட்டுத் திரும்ப மடங்குது. ஐகேல பிரச்சனைன்னு, கால் எந்தப் பக்கம் மடங்கணும்னு சொல்ற ‘போல் டார்கெட்’ட ஒரு மணி நேரம் நோண்டுனேன். பிரச்சனை அங்க இல்லவே இல்ல.

காகிதத்துல எழுதிப் பாத்தப்பதான் பிடிபட்டுது. முன்ஜோடியோ பின்ஜோடியோ, ஒரு ஜோடிக் கால் விரிஞ்சு நிக்கறப்ப அதுக்கு மேல இருக்கற உடம்பு தாழ்ந்துதான் ஆகணும், காம்பஸ விரிச்சா உச்சி எறங்குற மாதிரி. ஒத்தக் கால் நேரா அடில வந்து நிக்கறப்ப ஒசரும். முன்னங்காலப் பாத்தா எடது 9ல ஊனி 29ல எடுக்குது, அதோட நடு 19. வலது 25ல ஊனுது, நடு அடுத்த சுத்தோட 3. ஆக நெஞ்சு ஒசரமா இருக்க வேண்டியது 3லயும் 19லயும், தாழ வேண்டியது 11லயும் 27லயும். பின்னங்கால் எட்டு ஃபிரேம் முன்னாடி போறதால இடுப்பு அப்படியே தலைகீழ். 3லயும் 19லயும் இடுப்பு தாழணும், 11லயும் 27லயும் ஒசரணும். நான் மொத்த உடம்பையும் 3ல தூக்குனேன், நெஞ்சுக்கு அது சரி, ஆனா அதே நேரத்துல பின்னங்கால் ரெண்டும் நல்லா விரிஞ்சு நிக்குது, இடுப்பையும் சேத்துத் தூக்குனா கால் எட்டாம விறைக்காம என்ன பண்ணும்.

அப்போ மாட்டு உடம்பு லிஃப்ட் மாதிரி ஏறி எறங்கறதில்ல, ஏத்தப் பலகை மாதிரி ஆடுது. முன்னாடி ஏறறப்ப பின்னாடி எறங்கும், பின்னாடி ஏறறப்ப முன்னாடி எறங்கும். நடு முதுகு கிட்டத்தட்ட அசையவே அசையாது. மாட்டு வண்டி ஓட்டறவங்க இத ஆயிரம் தடவ பாத்திருப்பாங்க. நெஞ்சுக்கு 4 சென்டிமீட்டர், இடுப்புக்கு 3. கண்ட்ரோல் ரெண்டா ஏற்கனவே இருந்துச்சு, நான்தான் ரெண்டையும் சேத்துப் புடிச்சு ஆட்டிட்டு இருந்தேன். பிரிச்சு வெச்ச உடனே அந்த ‘டக்’ போயிருச்சு, அதவிட முக்கியமா மாட்டுக்குத் திடீர்னு எடை வந்துருச்சு. இந்தப் பதினோரு நாள்ல நான் சேர்லேர்ந்து எந்திரிச்சு நின்னு பாத்தது அந்தத் தருணத்துலதான்.

இடுப்பு பக்கவாட்டுலயும் அசையும், அத சுருக்கமா சொல்லிடறேன். எந்தப் பின்னங்கால் எடை தாங்குதோ அந்தப் பக்கத்து இடுப்பெலும்பு மேல, காத்துல இருக்கற காலோட பக்கம் ஒரு மூணு டிகிரி தொங்கும். பின்னாலேர்ந்து பாத்தா காங்கேயம் மாட்டுக்கு அந்த எலும்பு நல்லா துருத்திட்டுத் தெரியும், அதனால இத விட்டா பின்னாடி ஷாட்ல மரக்கட்டை மாதிரி இருக்கும்.

இப்போ தலை. இதுலதான் அம்மாயி என்னப் புடிச்சது.

மொதல்ல தலை எலும்ப மட்டும் மேல கீழ ஆட்டுனேன். மாடு எல்லாத்துக்கும் “ஆமா ஆமா”ன்னு சொல்லிட்டுப் போற மாதிரி ஆச்சு. வீடியோவ ஓட்டிப் பாத்தா மூஞ்சி சாயறதே இல்ல, கழுத்து அடிலேர்ந்து மொத்தமா தாழுது, மூஞ்சி கிட்டத்தட்ட அதே சாய்வுல இருக்கு. கழுத்தோட அடி எலும்பக் கொஞ்சம் எறக்கி, தலை எலும்ப எதிர்ப்பக்கம் திருப்பி சரி பண்ணுனேன். மூக்கு நுனில மொத்தம் 8 சென்டிமீட்டர் அசைவு. நல்லா இருந்துச்சு. அந்த அவசரத்துல ஒண்ண விட்டுட்டேன், கீய ரெண்டே எடத்துல வெச்சேன், 13ல கீழ, 29ல மேல. ஒரு சுத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்.

முடிஞ்சுதுன்னு நெனச்சு ரெண்டரு எடுத்து, அடுத்த ஞாயித்துக்கெழம அம்மாயிகிட்ட போன்ல காட்டுனேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ பாத்தாங்க.

“ஏங்கண்ணு, இதுக்கு வலது முன்னங்கால்ல முள்ளு கிள்ளு ஏறிருக்குதா?”

“இல்லீங்கம்மாயி, நல்ல மாடுதான்.”

“நொண்டுதே சாமி. வலத்தங்கால் வெக்கறப்பெல்லாம் தலையத் தூக்குது பாரு. நோவெடுக்கற கால்ல பாரம் ஏறக் கூடாதுன்னு தூக்கும்.”

கால்ல ஒரு குறையும் இல்ல. எடது காலும் வலது காலும் ஒரே கீயோட காப்பி, கணக்குல இம்மி பிசகல. ஆனா அவங்க சொன்னதுதான் சரி. எடது முன்னங்கால் 9ல ஊனுது, 13ல தலை தாழுது. வலது முன்னங்கால் 25ல ஊனுது, 29ல தலை ஒசருது. முன்னங்கால் நொண்டற மாட்டையோ குதிரையையோ கண்டுபுடிக்கறவங்க பாக்கற அடையாளமே அதான், நோவுள்ள கால் ஊனறப்ப தலை மேல, நல்ல கால் ஊனறப்ப தலை கீழ. நான் தெரியாத்தனமா, காலத் தொடாமயே, ஒரு சரியான நொண்டி மாட்டப் பண்ணியிருக்கேன். எந்தக் கால்னு வரைக்கும் அவங்களால சொல்ல முடிஞ்சுது.

சரி பண்ணினது இப்படி. ஒவ்வொரு முன்னங்காலுக்கும் ஒரு ஆட்டம், ஒரு சுத்துக்கு ரெண்டு. நெஞ்சு 11லயும் 27லயும் தாழுது. என் வீடியோல தலை அதுக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் அடிக்கு வருது, ரெண்டு ஃபிரேம் தள்ளி வெச்சேன். 13லயும் 29லயும் கீழ, 5லயும் 21லயும் மேல. ரெண்டு எறக்கமும் ஒரே அளவு இருக்கணும். ஒண்ணு 8 சென்டிமீட்டர் இன்னொண்ணு 6னு வெச்சுப் பாத்தேன், கொஞ்சம் உயிரோட்டமா இருக்கும்னு. திரும்ப லேசா நொண்டுச்சு. மத்த எடத்துல சமமில்லாம இருக்கறது நல்லது, இங்க மட்டும் வேண்டாம்.

இதே பின்தங்கற தத்துவம்தான் மத்ததுக்கும். அலைதாடி தலைக்கு மூணு ஃபிரேம் பின்னாடி, அதுவும் பக்கவாட்டுல ஆடும். திமில் லேசா. வால் மட்டும் ஒரு சுத்துக்கு ஒரு தடவ, இடுப்போட. காது ரெண்டையும் நடையோட சேக்கவே கூடாது, அது ஈ ஓட்டற வேலை, தனி.

எல்லாம் முடிஞ்சு அனுப்புனா வேலை குடுத்தவங்ககிட்டேர்ந்து “இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கணும்”னு மெசேஜ். 32ஐ 20ஆ சுருக்கிட்டா போச்சுன்னு டோப் ஷீட்ல `S` அமுக்கிச் சுருக்குனேன். மாடு வேகமா போகல, சினிமாவ வேகமா ஓட்டுன மாதிரி போச்சு. வேகமா நடக்கற மாடு அடிய நீட்டி வைக்கும், கால் தரைல இருக்கற பங்கும் கொறையும், இங்க வெறும் நேரத்த மட்டும் சுருக்குனா அது ரெண்டும் மாறல. இந்தச் சுத்து மணிக்கு நாலு கிலோமீட்டருக்குத்தான், அதுக்கு மேல வேணும்னா வேற நடை தனியா பண்ணணும். கடைசில 28 ஃபிரேம், அடி 1.6 மீட்டர், கால் வீச்சும் அதுக்கேத்த மாதிரி நீட்டி, ஒரு மாதிரி ஒப்பேத்துனேன். அப்படிப் பண்ணப்ப எட்டுக்குப் பதிலா ஏழு ஃபிரேம் இடைவெளி, எல்லாக் கீயையும் திரும்ப நகத்தணும். அவங்க ரெண்டையும் பாத்துட்டு பழசே நல்லாருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க.

அடுத்த தடவ மொதல் நாளே துணி கட்டி எடுப்பேன், பின்னாலேர்ந்தும் ஒரு வீடியோ எடுப்பேன், இந்தத் தடவ இடுப்பு சாய்வ ஞாபகத்துலேர்ந்துதான் போட்டேன். கால் கீ போடறதுக்கு முன்னாடி தரைல எம்ப்டிய வெச்சுடுவேன், தடம் மொதல்ல, கால் அப்பறம். ஒம்போது சுத்தும் அச்சு மாறாம வர்றது நாலாவது சுத்துலயே கண்ண உறுத்துது, அதுக்குத் தலைக்கு மட்டும் மேல ஒரு லேயர்ல ரெண்டு எடத்துல பக்கவாட்டுத் திருப்பம் வெச்சேன், அதுவும் பாதிக் கெணறுதான். மாடு வந்து நிக்கற ஷாட் இன்னும் பாக்கி இருக்கு. எந்தக் கால்ல நிறுத்தறது, நின்னதும் எந்தப் பின்னங்கால் அரை அடி சேத்து வைக்குதுன்னு பாக்க இன்னொரு சனிக்கெழம ஊருக்குப் போகணும்.

சரி பண்ணுனத அம்மாயிகிட்ட காட்டியாச்சு. நொண்டல பத்திப் பேச்சே இல்ல. “கழுத்துல மணியக் காணோம்”னாங்க. இப்போ மணி கட்டிட்டு இருக்கேன், 13லயும் 29லயும் நாக்கு அடிக்கணும், ஒம்போது சுத்துக்கு பதினெட்டு சத்தம்.